நான்கு நிமிட வரவேற்பு

"அண்ணை, இந்த முறை வரவேற்புரையை எனக்குத் தந்திட்டினம். நாலு நிமிஷம்தான். எழுதிப்போட்டன், ஒருக்கால் பார்த்துத் தருவீங்களோ?"

தொலைபேசியில் கேட்டவர் மேற்குச் சிட்னியில் உள்ள ஒரு தமிழ்ச் சங்கத்தின் துணைச் செயலாளர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அங்கே போனவர். வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலம், மேடையில் இதுவரை எதுவும் இல்லை. "அனுப்பும்மா, பார்ப்போம்" என்றேன். இரண்டு பக்கம் வந்தது. எழுத்துப் பிழை அதிகம் இல்லை, அன்பு நிறைய இருந்தது. வாய்விட்டு வாசித்து நேரம் பார்த்தேன். ஒன்பது நிமிடம்.

சங்கங்களின் ஆண்டு விழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒன்பது நிமிடம் பழக்கமானது. மண்டபத்தில் பின்வரிசைக் குழந்தைகள் ஓடத் தொடங்குவது அப்போதுதான். பேசுபவர் கெட்டிக்காரராக இல்லை என்பது அதற்குக் காரணமல்ல. கண்ணுக்கு எழுதியதைக் காதுக்கு வாசித்ததுதான் காரணம்.

முதலில் அளவு. மேடையில் நிதானமாகத் தமிழ் பேசுகிறவர் ஒரு நிமிடத்தில் எண்பது முதல் தொண்ணூறு சொற்களைச் சொல்வார். பலருடைய உரைகளைக் கடிகாரம் வைத்துப் பார்த்து நான் கண்ட கணக்கு இது. ஆங்கிலத்தில் இதைவிட அதிகம் வரும். தமிழில் ஒரு சொல்லே வேற்றுமை, எண், இடம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நீளமாக வருவதால் எண்ணிக்கை குறைகிறது. நான்கு நிமிடம் என்றால் ஏறக்குறைய முந்நூற்றைம்பது சொற்கள். அவருடைய உரையில் எழுநூற்றைம்பது இருந்தன. பாதிக்கு மேல் போக வேண்டும். எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

உரையின் தொடக்கம் இப்படி இருந்தது: "பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே, சிறப்பு விருந்தினர்களே, மாநகர சபை உறுப்பினர் அவர்களே, சங்கத்தின் முன்னாள் தலைவர் அவர்களே..." பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி. இது முடியவே ஒன்றேகால் நிமிடம் ஆனது. அதன்பின் அதே பதினான்கு பேரையும் ஒவ்வொருவராக வரவேற்றிருந்தார்.

அவையை விளித்துத் தொடங்குவது நம் மேடை மரபு, அதில் தவறில்லை. தலைமையுரை ஆற்றுபவர் விளிப்பார், சிறப்புரை ஆற்றுபவர் விளிப்பார், நன்றியுரை சொல்பவரும் விளிப்பார். வரவேற்புரை மட்டும் வேறு மாதிரி. அதன் உடலே விளிதான். ஒருவரைப் பெயர் சொல்லி வரவேற்கும்போதே அவரை அழைத்து மரியாதை செய்தாகிவிட்டது. அதற்கு முன்னால் தனியாக ஒரு பட்டியல் வாசித்தால், வாசலில் ஒருமுறை, கூடத்தில் ஒருமுறை என்று ஒரே விருந்தாளியிடம் இரண்டு தடவை "வாருங்கள்" சொன்னதுபோல் ஆகும். பட்டியல் முழுவதையும் எடுத்துவிட்டு, "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று ஒரு வரி வைத்தோம். அவருக்குப் பயம். "மரியாதைக் குறைவெண்டு நினைச்சிடுவினமோ?" என்றார். பெயர்கள் எல்லாம் உள்ளே வருகின்றன, ஒருவரும் விடுபடவில்லை என்று காட்டிய பிறகுதான் சம்மதித்தார்.

அடுத்தது பிரதம விருந்தினர் பகுதி. உரையின் இதயம் இதுதான், சிக்கலும் இங்கேதான். அவர் எழுதியிருந்தது: "யாழ்ப்பாணத்தில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டின் மருத்துவமனைகளில் பணியாற்றி வருபவரும், நமது தமிழ்ப் பள்ளியின் தொடக்க காலத்திலிருந்து அதற்கு உறுதுணையாக விளங்குபவருமான நமது பிரதம விருந்தினர் மருத்துவர் அவர்களை, சங்கத்தின் சார்பில் வருக வருக என்று அன்புடன் வரவேற்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகின்றோம்."

இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. தாளில் வாசித்தால் கண் முன்னும் பின்னும் போய்ப் பொருத்திக்கொள்ளும். காது அப்படிப் போக முடியாது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். பிறந்து, பயின்று, பணியாற்றி என்று எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, இது யாரைப் பற்றி, எங்கே முடியும் என்று கேட்பவர் எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான்காவது எச்சம் வரும்போது முதலாவது நழுவிவிடும்.

இன்னொரு தொல்லை கைதட்டல். பெயர் காதில் விழுந்ததும் கூட்டம் தட்டும். ஆனால் பெயருக்குப் பிறகு "அவர்களை" என்று இரண்டாம் வேற்றுமை வந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை, வரவேற்கும் வினை இன்னும் தூரத்தில் இருக்கிறது. பேசுபவர் கைதட்டலுக்கு மேல் குரலை உயர்த்தி "மட்டற்ற மகிழ்ச்சி"யைச் சொல்லி முடிப்பார். ஒருவருக்கும் கேட்காது. சிலர் கைதட்டல் அடங்கும்வரை நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கூட்டம் இரண்டாம் முறை தட்டுவதா வேண்டாமா என்று தயங்கும். பெயரை விளியாக மாற்றினால் இந்தத் தொல்லை இல்லை. "அவர்களே, வருக!" என்பது முழு வாக்கியம். "வருக" என்ற வியங்கோள் வினை ஒரே மூச்சில் முடிகிறது. கைதட்டல் விழ வேண்டிய இடத்தில் விழும்.

பலமுறை மாற்றி எழுதிய பின் அந்தப் பகுதி இப்படி நின்றது: "நம் தமிழ்ப் பள்ளி தொடங்கிய நாளில், பிள்ளைகளுக்குக் கரும்பலகை வாங்கித் தந்தவர் இன்று நம்மிடையே இருக்கிறார். பேராதனையில் மருத்துவம் படித்தவர். முப்பது ஆண்டுகளாக இந்த நகரின் மருத்துவமனைகளில் பணிபுரிகிறார். சனிக்கிழமைகளில் மட்டும் அவர் நம் பிள்ளைகளின் தமிழ் ஆசிரியர். மருத்துவர் அவர்களே, வருக!" பெயரை இங்கே நான் விட்டிருக்கிறேன், மேடையில் அது "மருத்துவர்" என்பதற்குப் பின்னால் வரும்.

கரும்பலகைச் செய்தி முதல் வரைவில் இல்லை. அவரைப் பற்றி உனக்கு நினைவில் நிற்பது என்ன என்று கேட்டபோது பேச்சுவாக்கில் சொன்னது அது. "உறுதுணையாக விளங்குபவர்" என்ற சொற்றொடரை எந்த ஊர் விழாவிலும் எவருக்கும் சூட்டலாம். கரும்பலகை அந்த ஒருவருக்கு மட்டுமே பொருந்தும். முதல் வாக்கியத்தில் அது வந்ததும், யார் என்று தெரிந்தவர்கள் முகத்தில் புன்னகை வந்துவிடும், பெயர் வரும்வரை மற்றவர்கள் ஆவலோடு கேட்பார்கள்.

இப்போது மொழிநடை. தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். மேடையில் இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அவர் வீட்டில் "இண்டைக்கு எல்லாரும் வந்திருக்கிறியள்" என்பார். வரைவில் "இன்றைய தினம் அனைவரும் வருகை புரிந்துள்ளீர்கள்" என்று எழுதியிருந்தார். மேடைக்கு வேண்டியது "இன்று எல்லோரும் வந்திருக்கிறீர்கள்" என்பது. சொற்கள் வீட்டுச் சொற்கள், விகுதி மட்டும் முழுமையானது. "வந்துள்ளார்" என்பது செய்தித்தாளின் வடிவம். இடத்தை மிச்சப்படுத்த அங்கே அது நன்றாக இருக்கிறது. மேடையில் "வந்திருக்கிறார்" என்றால்தான் எதிரே இருப்பவரைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கும். அதேபோல் "தலைவர், செயலாளர் மற்றும் பொருளாளர்" என்பதும் தாளின் சொல். வாய் இயல்பாக "தலைவரும் செயலாளரும் பொருளாளரும்" என்றுதான் சொல்லும்.

மேடைத்தமிழ் சங்க காலத்திலிருந்தே இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். பலதரப்பட்ட மக்களைக் கூட்டி, உரைநடையில், ஒரு பொருள் பற்றிப் பேசும் வழக்கம் நமக்கு அவ்வளவு பழையதல்ல. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் 1847 டிசம்பர் 31 அன்று தம் முதல் பிரசங்கத்தைத் தொடங்கினார். கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்துப் பழகியவர் அவர். கூடியிருந்தவர்களுக்குப் புரிய வேண்டும், அதே நேரம் பொருளின் கண்ணியம் குறையக் கூடாது என்ற இரண்டு தேவைகளுக்கு நடுவில்தான் இந்த நடை உருவானது. அந்தத் தேவை இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் "பேருவகை எய்துகின்றோம்" என்று எழுதுவதை மெருகு என்று நான் கருதுவதில்லை. அது கேட்பவரை ஓரடி பின்னால் தள்ளுகிறது.

சிட்னியில் இந்த நடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 95 ஆயிரம் பேர். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, சென்னை, கோவை, மதுரை, சிங்கப்பூர், மலேசியா என்று எல்லா ஊர்க்காரர்களும் ஒரே மண்டபத்தில் உட்காருகிறார்கள். "வாங்கோ" என்றால் பாதிப் பேருக்குச் சொந்த வீடு, "வாங்க" என்றால் மறுபாதிக்கு. "வாருங்கள்" எந்த ஊரின் வீட்டுப் பேச்சும் அல்ல, அதனாலேயே எல்லோருக்கும் பொது.

ஆனால் பொதுத்தமிழ் என்று நாம் நினைக்கும் இடத்திலும் சில சொற்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. ஈழத்தவர் "பிரதம விருந்தினர்" என்பதைத் தமிழ்நாட்டவர் "சிறப்பு விருந்தினர்" என்பார்கள். பொருள் விளங்கும், சிக்கல் இல்லை. "அனுசரணையாளர்" அப்படியல்ல. ஈழத்தில் அது விழாவுக்குப் பண உதவி செய்யும் நிறுவனத்தைக் குறிக்கும் நல்ல, வழக்கிலுள்ள சொல். தமிழ்நாட்டில் அனுசரணை என்றால் ஒத்துப்போகும் குணம், கனிவு. "நமது அனுசரணையாளர்களை வரவேற்கிறோம்" என்று கேட்கும் கோவைக்காரர் யாரைச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் கேட்பார். "இந்த விழாவின் செலவைப் பகிர்ந்துகொண்ட வணிகப் பெருமக்கள்" என்று எழுதினோம். நான்கு சொல் கூடுதல்தான், ஆனால் கொடுத்தவர்களுக்கு அதில்தான் அதிக மரியாதை என்று அவரே சொன்னார்.

அந்த மண்ணுக்கே உரிய ஒன்றைப் பற்றி நாங்கள் அதிக நேரம் பேசினோம். ஆஸ்திரேலியாவில் பொதுக் கூட்டம் எதுவும் அந்த நிலத்தின் பூர்வகுடி மக்களை நினைந்து தொடங்குவது இன்று பரவலான வழக்கம். இதில் இரண்டு வகை உண்டு. 'வெல்கம் டு கன்ட்ரி' என்பது அந்த நிலத்துக்கு உரிய குடியின் மூத்தவர் ஒருவர் வந்தவர்களை வரவேற்பது. அதை வேறு எவரும் செய்ய முடியாது. மூத்தவர் வராதபோது, கூட்டத்தை நடத்துபவர்கள் அந்த மக்களுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கலாம். அதற்கு 'அக்னாலெஜ்மென்ட் ஆஃப் கன்ட்ரி' என்று பெயர். இன்றைய வடிவில் இந்த வரவேற்பு 1976-இல் பெர்த் நகரில் தொடங்கியதாகச் சொல்வார்கள். நியூசிலாந்திலிருந்தும் குக் தீவுகளிலிருந்தும் வந்த கலைஞர்கள், மண்ணுக்கு உரியவர்கள் வரவேற்காமல் தாங்கள் ஆட மாட்டோம் என்றார்கள். ரிச்சர்ட் வாலி, எர்னி டிங்கோ என்ற இரு பூர்வகுடிக் கலைஞர்கள் அந்த வரவேற்பைச் செய்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால், அங்கே தமிழில் வரவேற்புரை எழுதும் கை சற்று நிதானிக்கும். "இந்த மண்ணுக்கு உங்களை வரவேற்கிறோம்" என்று வழக்கமான வேகத்தில் எழுதிவிடலாகாது. மண்ணுக்கு வரவேற்கும் உரிமை நமக்கு இல்லை. "இந்த மண்டபத்துக்கு", "இந்த விழாவுக்கு" என்று சொல்லலாம். அவருடைய வரைவின் மூன்றாவது பத்தியில் "மண்ணுக்கு" என்றே இருந்தது, மாற்றினோம்.

பூர்வகுடிகளுக்கான வணக்கத்தை அவர் ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் கொண்டுவந்திருந்தார்: "இந்நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களை நாம் அங்கீகரிக்கின்றோம்." தமிழில் அங்கீகாரம் என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கொடுப்பது. பல்கலைக்கழகம் ஒரு கல்லூரியை அங்கீகரிக்கும், அரசு ஒரு கட்டடத்தை அங்கீகரிக்கும். அறுபதாயிரம் ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வாழும் மக்களின் உரிமைக்கு நாம் அங்கீகாரம் கொடுப்பதாகச் சொன்னால் பொருளே தலைகீழாகிறது. நம்மிடம் அதற்கு ஏற்ற சொல் இருக்கிறது. வணங்குதல். "நாம் கூடியிருக்கும் இந்த மண் டாருக் மக்களின் மண். அவர்களின் முன்னோரையும், இன்று வாழும் மூத்தோரையும் வணங்கித் தொடங்குகிறோம்." இவ்வளவுதான். எந்தக் குடியின் நிலம் என்பது இடத்துக்கு இடம் மாறும். மேற்குச் சிட்னியின் பெரும்பகுதி டாருக் மக்களுடையது, நகர மையம் கடிகல் மக்களுடையது. பராமட்டா என்ற ஊர்ப் பெயரே டாருக் மக்களில் ஒரு கிளையினரான பராமட்டகல் குலத்தின் பெயரிலிருந்து வந்தது. மண்டபம் இருக்கும் பகுதியின் நகரசபையிடம் கேட்டு எழுதுவதே சரி.

வரிசையிலும் கவனம் வேண்டும். இந்த வணக்கம் உரையின் முதல் வாக்கியமாக வர வேண்டும், விருந்தினர் வரவேற்பு அதன் பின்னால். தமிழ் தெரியாத நகரசபை உறுப்பினருக்கு இரண்டே இரண்டு ஆங்கில வாக்கியங்கள், அவரை நேரே பார்த்து. முதல் வரைவில் உரை முழுவதையும் பத்திக்குப் பத்தி ஆங்கிலத்தில் மறுபடி சொல்லியிருந்தார். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்காது என்பது அவர் கவலை. பதினான்கு வயது மகளிடம் புதிய வடிவத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். "நிகழ்ச்சி நிரல்" ஒன்றைத் தவிர எல்லாம் விளங்கியதாம். வா, இரு, தா, படி போன்ற வீட்டு வினைகள் முழு விகுதியோடு வந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். "நல்கி", "எய்தி" வந்தால்தான் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியில் தாள். பதினாறு புள்ளி எழுத்து, ஒரு வாக்கியம் பக்கம் தாண்டி உடையக் கூடாது. ஆண்டுகளை எண்ணில் எழுதி வைத்தால் மேடையில் "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து..." என்று இழுத்துத் தடுமாற்றம் வரும், "முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்" என்று எழுதிவிட்டோம். மூச்சு விடும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போட்டோம். அதற்கு ஒரு எளிய வழி சொல்லிக் கொடுத்தேன்: ஒற்று மிகுந்து நிற்கும் இடத்தில் மூச்சு விடாதே. "தமிழ்ச் சங்கம்", "வரவேற்புக் குழு", "மாணவர்களுக்குக் கற்பிக்கும்" என்பவற்றில் அந்தச் ச், க் எல்லாம் அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்வதற்கான குறி. அங்கே நிறுத்தினால் மெய்யெழுத்து அந்தரத்தில் தொங்கும், ஒற்றை விழுங்கினால் "தமிழ் சங்கம்" என்று இரண்டு துண்டாகக் கேட்கும். எழுத்தில் சந்திப் பிழை பார்ப்பவர்கள் பலர், அது வாசிப்பவருக்கு மூச்சுக் குறியாகவும் உதவும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

விருந்தினர் பெயர்களை அவரவரிடமே தொலைபேசியில் கேட்டு, அவர்கள் உச்சரிக்கிறபடி எழுதிக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் ஒரு தனி அட்டை. இதை நான் வற்புறுத்தினேன், ஏனென்றால் அழைத்தவர்கள் எல்லோரும் நேரத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று எந்த விழாவிலும் நம்ப முடியாது. வராத ஒருவரை மேடையில் வரவேற்று, காலி நாற்காலியைக் கூட்டம் பார்ப்பது எல்லோருக்கும் சங்கடம். தொடர்ச்சியாக எழுதிய தாளில் ஒரு பத்தியைத் தாண்டிப் போவது கடினம். அட்டையானால் எடுத்துக் கீழே வைத்துவிடலாம்.

விழா நாளில் அப்படித்தான் நடந்தது. தொடங்கும் நேரம் ஆகியும் பிரதம விருந்தினர் வரவில்லை, நெடுஞ்சாலையில் போக்குவரத்து நெரிசல் என்று செய்தி வந்தது. மருத்துவரின் அட்டையை அவர் அடுக்கின் அடியில் வைத்துக்கொண்டு மேடையேறினார். டாருக் மக்களுக்கு வணக்கம், நகரசபை உறுப்பினருக்கு இரண்டு வாக்கியம், செலவைப் பகிர்ந்த வணிகர்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர், பிள்ளைகள். எல்லாம் முடிந்து நன்றி சொல்ல வாயெடுத்தபோது பின்கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஒருவர், ஓசை எழாமல் கடைசி வரிசையில் உட்காரப் பார்த்தார்.

துணைச் செயலாளர் அடியில் இருந்த அட்டையை மேலே எடுத்தார். "நம் தமிழ்ப் பள்ளி தொடங்கிய நாளில், பிள்ளைகளுக்குக் கரும்பலகை வாங்கித் தந்தவர்..." என்று தொடங்கும்போதே முன்வரிசைத் தலைகள் பின்னால் திரும்பிவிட்டன.